மூன்றாம் கதவின் சாவி

எங்கள் நைட் ஷிப்ட் லீடர் அதிகம் பேசமாட்டார். பன்னிரண்டு மணி நேர வேலையில் அவர் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்றுதான்: "பார்த்து." போர்க்லிஃப்ட் திருப்பத்தில் வந்தால் "பார்த்து." பேலட் ஒரு பக்கம் சாய்ந்தால் "பார்த்துடா." லோரி பின்னுக்கு வரும்போது, கொஞ்சம் நீட்டி, "பா...ர்த்து." அந்த நீட்டலில் எதைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதெல்லாம் அடங்கியிருக்கும். பதினைந்து வருஷம் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அது போதும்.

நான் அந்தச் சாமான் ஏற்றும் பகுதியில் இரவுக் கிராணி. வேலை பாயான் லெப்பாசில், வீடு டத்தோ கிராமாட்டில். லீடர் அண்ணனும் எங்கள் பக்கத்து ஃபிளாட்டுதான். மாலையில் கம்பெனி பஸ் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் ஏற்றிக்கொள்ளும். காலையில் அதே இடத்தில் இறக்கிவிடும். இறங்கியதும் எதிரிலுள்ள மாமாக் கடையில் ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய். பிறகு தூக்கம். என் வாழ்க்கையில் ஏழெட்டு வருஷம் இப்படிப் போயிற்று.

2013 தைப்பூசத்துக்கு முதல் நாள் அண்ணன் லீவு போட்டிருந்தார். வெள்ளி இரதம் டத்தோ கிராமாட் சாலை வழியாகத்தான் தண்ணீர்மலைக்குப் போகும். அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் தேங்காய் உடைக்காமல் இருந்ததே இல்லை. அந்த ஒரு ராத்திரிதான் வருஷத்தில் அவர் இல்லாத ராத்திரி. விடிகாலை மூன்றரைக்கு மூன்றாம் கதவில் நின்ற லோரி, உள்ளே சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது.

ஒரு முழம்தான் நகர்ந்தது. ஓட்டுநர் குளிர்சாதனத்துக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார். விழித்ததும், யாரோ கையைக் காட்டியது போலத் தெரிந்ததாம், கியரைப் போட்டுவிட்டார். கதவுக்கும் லோரிக்கும் நடுவே பாலம் போலப் படுத்திருக்கும் லெவலரின் நாக்கு பிடியில்லாமல் கீழே தொங்கியது. போர்க்லிஃப்ட் அப்போதுதான் நாக்கின் மேல் முன்சக்கரத்தை வைக்கப் போனது. ஓட்டிக்கொண்டிருந்த நேப்பாளத் தம்பி பின்னுக்கு இழுத்த இழுப்பில், முள்ளில் இருந்த பேலட் மட்டும் சரிந்து, நாலடி பள்ளத்தில் விழுந்தது. இருபத்து நான்கு பெட்டிகள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் போர்க்லிஃப்டே இரண்டரை டன் தூக்கக்கூடியது, அதன் சொந்த எடை அதைவிடவும் அதிகம். அது விழுந்திருந்தால் தம்பி அதற்கு அடியில்தான் இருந்திருப்பான்.

மறுநாள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "லோரிக்காரனைப் பார்த்துக்கோன்னு அண்ணன் எப்பவும் சொல்வாரே." சொல்வார், உண்மைதான். எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் "பார்த்துக்கோ" என்றால் என்ன செய்வது என்று கேட்டபோது நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள். ஒருவர் ஓட்டுநரிடம் "போகாதே" என்று சொல்வது என்றார். இன்னொருவர் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது என்றார். புதிதாக வந்த பங்களாதேஷ் பையன், ஓட்டுநர் பெட்டிகளைத் திருடாமல் பார்ப்பது என்று நினைத்திருந்தான்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, லீடர் வாயால் சொல்வதையெல்லாம் எழுத்தில் போட்டுத் தாருங்கள், சுவரில் ஒட்டலாம் என்றார். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, முதலாளி தன் ஆட்களுக்குத் தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை எல்லாம் தரவேண்டும் என்கிறது. மேற்பார்வை எங்களிடம் இருந்தது. அது லீவில் போனால் மற்ற மூன்றும் இல்லை என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று.

முதலில் பத்து இரவுகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அண்ணன் பின்னால் நடந்தேன். அவர் எச்சரிக்கும் ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், யாரிடம், என்ன சொல் என்று குறித்தேன். அவருக்கு எரிச்சல். "என்னா தங்கச்சி, போலீஸ் மாதிரி எழுதுறே?" குறித்ததைத் தட்டிக் கொட்டிப் பார்த்தால், பாதி பாதுகாப்புப் பற்றியதே இல்லை. துடைப்பத்தை இடத்தில் வை, பெட்டியை உதைக்காதே, சத்தமாகப் பாட்டு வைக்காதே. அவற்றை ஒதுக்கினேன். மீதியில் ஒன்றையே பல விதமாகச் சொல்லியிருந்ததைச் சேர்த்தேன். கடைசியில் மிஞ்சியது ஏழு. ஏழிலும் முதலாவது மூன்றாம் கதவு.

இரண்டாவது வேலை மாமாக் கடையில் நடந்தது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அண்ணனிடம் நான் கேட்டது ஐந்து கேள்வி. யார் செய்யணும்? எப்போ? சரியாச் செஞ்சாச்சுன்னு எப்படித் தெரியும்? செய்ய முடியலேன்னா என்ன? ஏன்? முதல் நாலுக்கும் அவர் "அதான் தெரியுமே" என்பார். கடைசிக் கேள்விக்குத்தான் வாய் திறந்தார்.

"ஏன்" என்று கேட்டபோது சொன்னார்: லோரி ஓட்டுநர் ஓட்டினால்தான் நகரும் என்று இல்லை. போர்க்லிஃப்ட் உள்ளே போய்ப் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் லோரியை ஒரு நூல் முன்னால் தள்ளும். நாற்பது தடவை போய் வந்தால் நாக்கின் பிடி குறைந்துகொண்டே வரும். மேலே நிற்பவனுக்கு அது தெரியாது. அதனால் பாதி லோடில் இறங்கிப் பார்க்க வேண்டும். அவர் நள்ளிரவில் டார்ச்சோடு கீழே குனிந்து நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஏதோ தொலைந்ததைத் தேடுகிறார் என்று நினைத்திருந்தேன். பதினைந்து வருஷமாக அவர் அதை வாயால் சொன்னதே இல்லை, தானே செய்துகொண்டிருந்தார். எழுத உட்காராவிட்டால் அந்தப் பழக்கம் அவர் ஓய்வு பெறும் அன்றைக்கு அவரோடு போயிருக்கும்.

நான் எழுதிய முதல் வரி இது: "சாமான் ஏற்றுவதற்கு முன் லோரி நகராதபடி உறுதி செய்யப்பட வேண்டும்." எனக்குப் பெருமையாக இருந்தது. அரசாங்கக் கடிதம் போல இருந்தது. அண்ணன் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாரு?"

"செய்யப்பட வேண்டும்" என்று எழுதினால் செய்கிற ஆள் காணாமல் போய்விடுகிறான். ராத்திரி மூன்று மணிக்கு அந்த வரியை வாசிக்கும் செக்கர், போர்க்லிஃப்ட்காரர் செய்வார் என்று நினைப்பார். போர்க்லிஃப்ட்காரரோ, ஓட்டுநர் செய்வார் என்று நினைப்பார். அந்த ராத்திரி நடந்ததும் இதுதான். கட்டை வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கட்டை சுவரோரம் கிடந்தது.

அடுத்த சிக்கல் மரியாதை. அண்ணன் "டேய்" என்றால் யாருக்கும் கோபம் வராது. அது அவருடைய டேய். அதையே தாளில் போட்டால் கம்பெனி "டேய்" என்று சொல்வதாக ஆகும். சரி, "தாண்டாதே, ஏறாதே" என்று எழுதினேன். அது பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி இருந்தது. செக்கர்களில் ஒருவருக்கு ஐம்பத்தெட்டு வயது. "ஏறக்கூடாது" என்றால் ஜெயில் சுவரில் எழுதியது போல ஒலித்தது. டத்தோ கிராமாட்டில் வளர்ந்தவளுக்கு அந்தச் சுவரை மறக்க முடியாது, பினாங்குச் சிறைச்சாலை எங்கள் பக்கம்தான் இருக்கிறது. கடைசியில் "ஏறுங்கள், மாட்டுங்கள், எடுங்கள்" என்று வைத்துக்கொண்டேன். செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொன்னால் வரி தானாகவே மரியாதையாக அமைகிறது. "சாவி இல்லாமல் ஏறாதே" என்பதைவிட "சாவியைப் பார்த்த பிறகு ஏறுங்கள்" என்பது எழுத்தில் நீளம்தான், ஆனால் காதில் சுடவில்லை.

இது தமிழோடு முடியவில்லை. எங்கள் ஷிப்டில் மலாய், நேப்பாளி, வங்காளி மூன்றும் வேண்டும். மலாய்க்காரத் தோழி "டிலாராங்" என்று தொடங்கும் வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு "சீலா" போட்டாள். நேப்பாளியில் எழுதித் தந்தது பேலட்டைப் போட்டுவிட்டுத் தப்பித்த அதே தம்பி. முதல் வரியிலேயே நிறுத்திவிட்டு என்னைக் கேட்டான்: "அக்கா, எந்த 'நீ' போடறது? எங்ககிட்ட மூணு இருக்கு." பங்களாதேஷ் பையனும் சிரித்தான். அவன் மொழியிலும் மூன்று. இருப்பதிலேயே உயர்ந்ததைப் போடு என்றேன். நேப்பாளத் தம்பி சற்று யோசித்து, "இந்தக் கம்பெனியில் எங்களை அப்படிக் கூப்பிட்ட முதல் தாள் இதாத்தான் இருக்கும்" என்றான். அதற்கு நான் என்ன சொல்வது?

எழுதி முடித்ததும் ஒட்டவில்லை. பரீட்சை பார்த்தோம். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம் தாளைக் கொடுத்து, அண்ணன் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றார். பாவம், அவருக்கு அது பெரிய தண்டனை. "பார்த்து" என்று உதடு வரைக்கும் வந்து வந்து போனது.

அந்த ஒரு மணி நேரத்தில் என் தாள் இரண்டு இடத்தில் உடைந்தது, ஒட்டிய பிறகு மூன்றாவது இடத்திலும். நாக்கு லோரித் தளத்தின் மேல் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் படிந்திருக்க வேண்டும், இதைப் போர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஓட்டுபவர் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார்: "இங்கேருந்து நாக்கோட முதுகுதான் தெரியுது. அடியில எவ்வளவு படுத்திருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" உண்மைதான். பக்கவாட்டில், கீழே நிற்பவருக்குத்தான் அது தெரியும். கட்டை வைக்கக் கீழே இறங்குவது செக்கர்தான், ஆகவே அந்த வேலை அவருக்குப் போயிற்று. கீழே இறங்கும்போது ஸ்கேல் எடுத்துப் போவது யார்? அதனால் பெருவிரலை மடக்கிய உள்ளங்கை அகலம், அதற்குக் கொஞ்சம் கூட என்று கைக்கணக்கும் சேர்த்தோம்.

இரண்டாவது கட்டை. "பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்" என்று மட்டும் இருந்ததால், புதியவர் சக்கரத்துக்குப் பின்னால், கதவுப் பக்கமாக வைத்தார். அங்கே கட்டை இருந்து பயனில்லை. லோரி போவது முன்னால். சக்கரத்தின் முன்பக்கம் என்று எழுத வேண்டியிருந்தது. அண்ணனுக்கு அது எழுதவே தேவையில்லாத விஷயம். எழுதவே தேவையில்லை என்று அவர் சொன்னவற்றில்தான் நான் அதிகம் எழுதினேன்.

மூன்றாவது சாவி. அதன் கதை தனி. ஓட்டுநரின் சாவியை வாங்கிக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். சாவி ஆணியில் இருந்தால் லோரி ஓடாது. யோசனை சரி. ஒட்டி இரண்டாம் வாரம், ஆணியில் சாவி தொங்குகிறது, லோரி என்ஜினோ உறுமிக்கொண்டு நிற்கிறது. எடுத்துப் பார்த்தால் அது வீட்டுச் சாவி. இன்னொருவர் மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு அசலை வண்டியிலேயே வைத்திருந்தார்.

மேனேஜர் ஓட்டுநர்களைத் திட்டி ஒரு நோட்டீஸ் போடச் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர்களிடம் போய்ப் பேசினார். அவர்கள் சொன்னது எளிய விஷயம். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஓட்டி வருகிறோம். சாவியைக் கொடுத்தால் குளிர்சாதனம் நின்றுவிடும். ஒன்றரை மணி நேரம் தகரப் பெட்டியில் வேகணுமா? பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்கள் தாள் எங்கள் ஆட்களிடம் மரியாதையாகப் பேசியது, ஓட்டுநரிடமிருந்து மட்டும் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. செக்கர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு ஃபேன், கைபேசிக்கு ஒரு பிளக் போட்ட பிறகு வீட்டுச் சாவிகள் ஆணியில் வருவது நின்றது. எந்த வரியை எழுதியும் அது நின்றிருக்காது. ஆனாலும் சாவியோடு கட்டவேண்டிய அட்டையில் லோரி எண்ணை எழுதும் வழக்கத்தையும், என்ஜின் சத்தம் நின்றதைக் காதால் கேட்கும் வரியையும் சேர்த்துக்கொண்டோம்.

கடைசியில் சுவரில் ஏறியது இதுதான்:

மூன்றாம் கதவு: லோரிக்குள் ஏறும் முன்
செக்கர்: என்ஜினை நிறுத்தும்படி ஓட்டுநரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் நின்றதைக் கேளுங்கள்.
செக்கர்: சாவியை வாங்கி, லோரி எண் எழுதிய அட்டையோடு இந்த ஆணியில் மாட்டுங்கள். ஓட்டுநருக்கு நாற்காலியைக் காட்டுங்கள்.
செக்கர்: பின்சக்கரம் இரண்டுக்கும் முன்பக்கம் கட்டை வையுங்கள். நாக்கை இறக்கியதும் பக்கவாட்டில் பாருங்கள், நான்கு அங்குலம் படிந்திருக்க வேண்டும். பாதி லோடில் இன்னொரு தடவை பாருங்கள்.
போர்க்லிஃப்ட் ஓட்டுபவர்: ஆணியில் சாவியைப் பார்த்த பிறகு ஏறுங்கள்.
செக்கர்: போர்க்லிஃப்ட் வெளியே வந்து, கதவு இறங்கிய பிறகு கட்டையை எடுங்கள். சாவியைக் கடைசியாகக் கொடுங்கள்.

தாள் நோட்டீஸ் பலகைக்குப் போகவில்லை. ஆணிக்கு நேர் மேலே, கண் உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசிக்கும் எழுத்தில் ஒட்டினோம். முதலில் லாமினேட் செய்தோம். டியூப் லைட்டின் வெளிச்சம் அதில் பட்டுப் பாதித் தாள் வெள்ளையாகத் தெரிந்தது. பளபளப்பில்லாத உறை வாங்கி மாற்றினோம். இந்த மாதிரிக் குறைகள் பகலில் வந்து பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது.

அந்தத் தாள் மூன்றாம் கதவுக்கு மட்டும் சரி என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் கதவில் லெவலர் இல்லை, கையால் போடும் இரும்புத் தகடு. அங்கே ஒரு நல்ல மனிதர் இதே தாளை நகல் எடுத்து ஒட்டிவிட்டார். இல்லாத நாக்கைப் பார்க்கச் சொல்லி அது இரண்டு மாதம் தொங்கியது. ஒருவரும் கேட்கவில்லை. இப்படி ஒரு தாளை வாசித்துப் பழகியவர்கள் அடுத்து சரியான தாளையும் வாசிக்க மாட்டார்கள் என்று அண்ணன் தானே போய்க் கிழித்தார்.

ஒரு விஷயம் பாக்கி. மேலே இருப்பது ஐந்து வரி. நான் எழுதிக் கொடுத்தது ஆறு. ஆறாவதை அண்ணன் சொன்னபடியே எழுதியிருந்தேன்: "சந்தேகமாக இருந்தால் நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்லலாம்." மேனேஜர் அதை அடித்தார். அப்படி எழுதினால் ஆளாளுக்கு நிறுத்துவார்கள், கப்பலைத் தவறவிடுவோம் என்றார். அதற்குப் பதிலாக, "மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்" என்று போடச் சொன்னார். அந்தக் கடைசி வரி வந்தால் மேலே உள்ள ஐந்தும் மிரட்டலாக மாறிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கிராணி அதை எப்படி வாதாடுவது? ஒழுங்கு நடவடிக்கை ஏற்கெனவே வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறதே, இடம் போதவில்லை என்று மட்டும் சொன்னேன். இரண்டு வரியும் இல்லாமல் தாள் ஒட்டப்பட்டது.

அடுத்த ராத்திரி வேலைக்கு வந்து பார்க்கிறேன், தாளின் அடியில் கறுப்பு மார்க்கரில், கோணல் மாணலாக ஒரு வரி: "சந்தேகமா இருந்தா நிறுத்துங்க. நான் பேசிக்கிறேன்." கீழே அவர் கையெழுத்து. கம்பெனி எழுத்துகளுக்கு அடியில் அவருடைய பேச்சுத் தமிழ். மேனேஜரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2024 ஜூன் 1-ஆம் தேதி, 1994-ஆம் ஆண்டின் அந்தப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. புதிதாகச் சேர்ந்த 26ஏ பிரிவு, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிறது. அதற்காக அவருக்குத் தகாத பாதகம் எதுவும் வரக்கூடாது என்றும் சொல்கிறது. என் கண்ணுக்கு அண்ணனின் வரி இன்னும் அகலமானது. சட்டம் நம்பிக்கைக்கு நியாயம் கேட்கிறது. அவர் சந்தேகத்தோடு நிறுத்திக்கொண்டார், பேசும் பொறுப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் அங்கே இல்லை. அந்த நேப்பாளத் தம்பி ஊருக்குத் திரும்பும் முன் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தான். தாள் இரண்டு தடவை மாறியிருக்கிறது, எழுத்துரு மாறியிருக்கிறது, கம்பெனிச் சின்னம் மூலைக்குப் போயிருக்கிறது. அடியில் மார்க்கர் வரி மட்டும் அப்படியே இருக்கிறது. வேறு யாருடைய கையெழுத்திலோ, அண்ணனின் பெயரோடு.